மருந்து அலர்ஜிப் பதிவு குழப்புகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மருத்துவமனை மென்பொருள் பராமரிப்பில் இருக்கிறேன். எனக்கு வரும் புகார்களில் மாதம் தவறாமல் திரும்பி வருவது அலர்ஜிப் பெட்டி. நோயாளி "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காது" என்று சொல்கிறார். அந்த ஒரு சொல்லுக்குள் லேசான குமட்டல் இருக்கலாம். உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டி, அவசர சிகிச்சைப் பிரிவில் ஊசி போட்டுப் பிழைத்ததும் இருக்கலாம். நம் திரை இரண்டையும் "அலர்ஜி" என்று ஒரே மாதிரி எழுதிக்கொள்கிறது. ஆறு மாதம் கழித்து வேறொரு டாக்டர் அதைப் படிக்கும்போது, எது நடந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

கீழே உள்ளவை நான் திரும்பத் திரும்பச் சரிசெய்தவை. உங்கள் அறிகுறி எதுவோ நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பணமும் நாளும் கேட்பது கடைசியில்.

எதைத் தொடும் முன்பும் இதை ஓட்டிப் பாருங்கள். பெட்டியில் இதுவரை என்னதான் தட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். அட்டவணைப் பெயர்களை உங்கள் அமைப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

```sql
SELECT allergy_text, COUNT(*) AS n
FROM patient
GROUP BY allergy_text
ORDER BY n DESC;
```

## அறிகுறி 1: பெட்டி காலி, அல்லது "NA" என்று இருக்கிறது

மேலே உள்ள வரியை ஓட்டினால் பட்டியலின் தலையில் பெரும்பாலும் இவைதான் நிற்கும்: வெற்றிடம், `NIL`, `NA`, `-`, `No`, `not known`. இவற்றில் `not known` என்பதை மட்டும் ஒரு நிமிடம் பாருங்கள். "தெரிந்த அலர்ஜி எதுவும் இல்லை" என்று நினைத்து ஒருவர் தட்டியிருப்பார். "அலர்ஜி இருக்கிறதா என்றே தெரியவில்லை, நோயாளி மயக்கத்தில் வந்தார்" என்று நினைத்து இன்னொருவர் அதையே தட்டியிருப்பார். ஊசி போடப்போகும் நர்ஸுக்கு இந்த இரண்டும் நேர் எதிரான செய்தி.

முதல் காரணம்: எழுதும் பெட்டி. இதற்குச் செலவில்லை. எழுதும் பெட்டிக்கு மேலே நான்கு தேர்வுகளை வையுங்கள்: "இன்னும் கேட்கவில்லை", "கேட்டோம், மருந்து அலர்ஜி எதுவும் தெரியாது என்றார்", "கேட்க முடியவில்லை", "இருக்கிறது". புதிய நோயாளிக்குத் தானாக நிற்க வேண்டியது முதல் தேர்வு. இரண்டாவதை யாராவது கையால் அழுத்தித்தான் வர வேண்டும். அழுத்தியவர் பெயரும் நேரமும் கூடவே சேமிக்கப்பட வேண்டும்.

இரண்டாம் காரணம்: பெட்டியைக் கட்டாயமாக்கியது. காலியாக விடக் கூடாது என்று யாரோ ஒரு நாள் சிவப்பு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். பதிவு மேசையில் வரிசை நீள்கிறது. அங்கே இருப்பவர் அடுத்த திரைக்குப் போவதற்காக "இல்லை"யை அழுத்துகிறார். இதைக் கண்டுபிடிப்பது எளிது. "இல்லை" என்ற பதிவுகளின் நேரத்தையும் நோயாளி பதிவான நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் சில நொடிதான் இடைவெளி என்றால் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். பதிவு மேசையிலிருந்து அந்தக் கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். கட்டாயம் இருக்க வேண்டிய இடம் மருந்துச் சீட்டு எழுதும் திரை. டாக்டர் முதல் மருந்தைச் சேர்க்கும்போது "அலர்ஜி இன்னும் கேட்கப்படவில்லை" என்று அது நிறுத்திக் கேட்கட்டும்.

மூன்றாம் காரணம்: "இல்லை"யும் "இருக்கிறது"ம் ஒரே ஆளுக்குச் சேர்ந்து நிற்பது. போன வருடம் "இல்லை" என்று பதிந்திருப்பார்கள், இந்த வருடம் ஒரு மருந்தைச் சேர்த்திருப்பார்கள், பழையதை யாரும் மூடவில்லை. மருத்துவச் சொற்களுக்கான ஸ்னோமெட் சி.டி. குறியீடு பயன்படுத்தும் அமைப்பு என்றால், மருந்து அலர்ஜி எதுவும் தெரியாது என்பதற்கு `409137002`, எந்த அலர்ஜியும் தெரியாது என்பதற்கு `716186003`. மருந்தை மட்டும் கேட்டுவிட்டு இரண்டாவதைப் பதியாதீர்கள். சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. முரண்பாட்டை இப்படித் தேடலாம்:

```sql
SELECT patient_id
FROM allergy
WHERE status = 'active' AND category = 'medication'
GROUP BY patient_id
HAVING COUNT(*) > 1
   AND SUM(CASE WHEN code = '409137002' THEN 1 ELSE 0 END) > 0;
```

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: பழைய `NA`, `not known` பதிவுகளை மொத்தமாக மாற்ற நினைக்கும்போது. அவற்றை நிரல் எழுதி "அலர்ஜி இல்லை" என்று மாற்றும் அதிகாரம் உங்களுக்கும் எனக்கும் கிடையாது. மருத்துவக் கண்காணிப்பாளரிடம் ஒப்புதல் வாங்கி எல்லாவற்றையும் "இன்னும் கேட்கவில்லை" என்று ஆக்குங்கள். அடுத்த முறை வரும்போது கேட்டுக்கொள்ளலாம். பழைய எழுத்தை அழிக்காமல் பக்கத்தில் வைத்திருங்கள்.

## அறிகுறி 2: மருந்தின் பெயர் இருக்கிறது, என்ன ஆனது என்று இல்லை

"பெனிசிலின் அலர்ஜி." அவ்வளவுதான். இதைப் படிக்கும் டாக்டர் பயந்து வேறு ஆன்டிபயாட்டிக் எழுதுகிறார். அது வீரியம் அதிகமானதாகவோ அந்தக் கிருமிக்கு அவ்வளவு பொருந்தாததாகவோ போய்விடுகிறது. பெனிசிலின் அலர்ஜி என்று சொல்பவர்களை முறையாகப் பரிசோதித்தால் பெரும்பாலோருக்கு அந்த அலர்ஜி இல்லை என்றுதான் தெரியவருகிறது. யாரைப் பரிசோதனைக்கு அனுப்பலாம், யாரை அனுப்பவே கூடாது என்று முடிவெடுக்க, அன்று என்ன நடந்தது என்பது தெரிய வேண்டும்.

முதல் காரணம்: திரை கேட்கவில்லை. மருந்துப் பெயருக்குக் கீழே "என்ன ஆனது?" என்று ஒரு பட்டியல் வையுங்கள். சொற்கள் நோயாளி சொல்லும் சொற்களாக இருக்கட்டும்: அரிப்பு, தோல் தடிப்பு, உதடு அல்லது கண் வீக்கம், மூச்சு முட்டல், மயங்கி விழுந்தது, கொப்புளம் அல்லது தோல் உரிதல், வாய்ப்புண், வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல். கடைசியில் "நினைவில்லை" என்பதும் வேண்டும். சின்ன வயதில் அம்மா சொன்னது மட்டும் நினைவிருக்கும் நோயாளிகள் நிறைய. அது இல்லாவிட்டால் நர்ஸ் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவார்.

இரண்டாம் காரணம்: பக்கவிளைவுக்குத் தனி இடம் இல்லை. மாத்திரை வயிற்றைப் புரட்டியது, உடம்பு சூடு பிடித்தது, இதெல்லாம் போக வேறு இடம் இல்லாததால் அலர்ஜிப் பெட்டிக்குள் வந்து விழுகிறது. மருத்துவப் பதிவுகளை அமைப்புகளுக்கிடையே பரிமாறப் பயன்படும் ஃபயர் தரநிலையில் `AllergyIntolerance` என்ற பதிவில் `type` என்று ஒரு புலம் உண்டு. `allergy`, `intolerance` என்று இரண்டு மதிப்பு. நர்ஸை அதை நிரப்பச் சொல்லாதீர்கள். அவர் "என்ன ஆனது" என்பதை மட்டும் பதியட்டும், வகையை டாக்டர் முடிவு செய்யட்டும்.

மூன்றாம் காரணம்: கடுமைக்கு ஒரே ஒரு புலம். இது கொஞ்சம் வேலை வாங்கும். அன்று வந்தது எவ்வளவு மோசம் என்பது ஒன்று. அடுத்த முறை கொடுத்தால் உயிருக்கு ஆபத்தா என்பது வேறு. தரநிலை முதலாவதை `reaction.severity` என்றும் இரண்டாவதை `criticality` என்றும் பிரித்தே வைத்திருக்கிறது. ஒரே புலமாக இருந்தால், அன்று லேசாகத் தடித்தவருக்கு `mild` என்று போட்டதை அடுத்த டாக்டர் "மறுபடி கொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது" என்று படித்துவிடுவார்.

நான்காம் காரணம்: நேரப் பட்டியல் குறுகியது. "மருந்து போட்டு எவ்வளவு நேரத்தில்?" என்ற கேள்விக்கு "உடனே, 1 மணி நேரத்தில், 24 மணி நேரத்தில்" என்று மட்டும் தேர்வுகள் இருந்த ஒரு திரையை நான் சரிசெய்திருக்கிறேன். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபினால் வரும், தோல் கொப்புளித்து உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் பாதிப்பு பெரும்பாலும் மருந்து தொடங்கிச் சில வாரங்களில்தான் வரும். அந்தப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. எல்லாரும் "24 மணி நேரத்தில்" என்று போட்டிருந்தார்கள். நாட்களும் வாரங்களும் அவசியம் வேண்டும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: கொப்புளம், தோல் உரிதல், வாய்ப்புண் இவற்றில் ஒன்று பதிவானால் அந்த வரியைத் திருத்தும் உரிமை பதிவு மேசைக்கும் நர்ஸுக்கும் இருக்கக் கூடாது. மூத்த டாக்டரிடம் தானாகப் போகும்படி அமையுங்கள். அந்த மருந்தைப் பரிசோதித்துப் பார்க்கிறேன் என்று யாரும் மறுபடி கொடுத்துவிடக் கூடாது.

## அறிகுறி 3: அலர்ஜி பதிவாகியிருந்தும் எச்சரிக்கை வரவில்லை

இருப்பதிலேயே ஆபத்தானது இது. எங்களுக்கு வந்த ஒரு புகாரையே முழுசாகச் சொல்கிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. வீட்டில் கால்வலிக்கு ஒரு காம்பிஃப்ளாம் போட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் கை, கழுத்தெல்லாம் தடிப்பு, கூடவே மூச்சு முட்டல். பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குப் போய் சரியாகிவிட்டது. பிறகு வேறு எதற்கோ எங்கள் பயனர்களில் ஒரு மருத்துவமனைக்கு வந்தபோது இதைச் சொல்லியிருக்கிறார். அங்கே அலர்ஜிப் பெட்டியில் தேடியபோது பெயர் வரவில்லை போல. குறிப்புப் பெட்டியில் `combiflam alergy` என்று தட்டிவிட்டார்கள். சில மாதம் கழித்துப் பல் பிடுங்க வந்தார். டாக்டர் அசெக்ளோஃபெனக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை எழுதினார். திரை ஒன்றும் சொல்லவில்லை. மருந்தகத்தில் மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர் வழக்கம்போல "ஏம்மா, எந்த மாத்திரையாவது ஒத்துக்காம போயிருக்கா?" என்று கேட்டதால் தப்பித்தார்.

எங்கே அறுந்தது என்று இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில்: எழுத்தாக இருக்கிறதா, குறியீடாக இருக்கிறதா? எச்சரிக்கை நிரல் குறியீட்டைத்தான் ஒப்பிடும். குறிப்புப் பெட்டியை அது படிப்பதே இல்லை. சோதனை நோயாளி ஒருவரை உருவாக்கி, `combiflam` என்று எழுத்தாக மட்டும் பதிந்து, இபுப்ரோஃபென் எழுதிப் பாருங்கள். அமைதியாக விட்டுவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. தீர்வாக எழுத்தைத் தடை செய்யாதீர்கள். தடை செய்தால் அது வேறு பெட்டிக்குள் ஓடிவிடும், மேலே நடந்தது அதுதான். எழுத்தாக வந்ததை ஏற்றுக்கொண்டு, "இந்தப் பதிவுக்கு எச்சரிக்கை வேலை செய்யாது" என்று மஞ்சள் பட்டையில் காட்டி, மருந்தாளரின் வேலைப் பட்டியலுக்கு அனுப்புங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் அவர் அதைக் குறியீடாக்க வேண்டும் என்று மருத்துவமனையே முடிவு செய்யட்டும்.

அடுத்து: கடைப் பெயரா, மூலப்பொருளா? நம் ஊரில் நோயாளி சொல்வது கடைப் பெயரைத்தான். தேடும் பெட்டி கடைப் பெயரை ஏற்க வேண்டும், ஆனால் சேமிக்கும்போது மூலப்பொருளாகப் பிரிக்க வேண்டும். காம்பிஃப்ளாம் என்றால் இபுப்ரோஃபென், பாராசிட்டமால் என இரண்டு. எது தடிப்பைக் கொண்டுவந்தது என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. ஆகவே இரண்டு பதிவு, இரண்டுமே `unconfirmed`. நோயாளி சொன்ன பெயர் அப்படியே இரண்டிலும் நிற்க வேண்டும். இபுப்ரோஃபென் பதிவு இப்படி இருக்கும்:

```
code:                    ibuprofen
clinicalStatus:          active
verificationStatus:      unconfirmed
criticality:             high
reaction.manifestation:  urticaria, dyspnoea
reaction.severity:       severe
note:                    "காம்பிஃப்ளாம் போட்டு அரை மணியில்"
```

கடைசியாக: மருந்துக் குடும்பம். மூலப்பொருளாகப் பிரித்தாலும் அசெக்ளோஃபெனக்குக்கு எச்சரிக்கை வந்திருக்காது, பெயர் வேறு. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனக், அசெக்ளோஃபெனக், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே வலி நிவாரணிக் குடும்பம். ஒன்றுக்குத் தடித்தவருக்கு மற்றதற்கும் தடிக்க வாய்ப்பு உண்டு. இந்தக் குடும்ப அட்டவணை உங்கள் மருந்துத் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும், அல்லது மருந்தியல் துறையோடு உட்கார்ந்து உருவாக்க வேண்டும். பட்டியலிலேயே செலவு அதிகமானது இதுதான்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: குடும்ப அட்டவணையில் ஒரு வரியைச் சேர்ப்பதும் நீக்குவதும் மருந்தியல் நிபுணர் கையெழுத்தோடுதான். மேலே சொன்ன மாதிரி தப்பித்த சம்பவம் நடந்தால் மருத்துவமனையின் நோயாளி பாதுகாப்புக் குழுவுக்கு எழுதுங்கள். மருந்தால் பாதிப்பே வந்துவிட்டால் அதை இந்திய மருந்து விழிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; கட்டணமில்லா எண் 1800-180-3024.

## அறிகுறி 4: எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை வருகிறது, டாக்டர்கள் படிக்காமல் மூடுகிறார்கள்

எச்சரிக்கை மூடப்பட்ட பதிவை எடுத்து, எந்த அலர்ஜி, எந்த மருந்து என்ற ஜோடியாக எண்ணுங்கள். பெரும்பாலும் சில ஜோடிகளே மொத்தக் கூச்சலையும் போடும்.

குமட்டலும் வயிற்றெரிச்சலும் முழு நிறுத்தமாக வருகிறது என்றால் அறிகுறி 2-இன் இரண்டாம் காரணத்துக்குத் திரும்புங்கள். பக்கவிளைவு மருந்துச் சீட்டின் ஓரத்தில் ஒரு வரியாக வந்தால் போதும்.

"சல்ஃபா" என்று இருந்தால் கவனம். தேடும் பெட்டியில் இந்த எழுத்துகளைத் தட்டினால் சல்ஃபோனமைடு ஆன்டிபயாட்டிக், தோலுக்குத் தடவும் சல்ஃபர், உணவு பதப்படுத்தும் சல்ஃபைட் மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். மூன்றும் வேறு வேறு பொருள். நோயாளி சொன்னது பெரும்பாலும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையாகத்தான் இருக்கும். அந்தப் பெயரையே கேட்டுப் பதியும்படி திரையை மாற்றுங்கள். இந்தப் பதிவால் நீர் பிரிய வைக்கும் ஃபியூரோசமைடுக்கும் எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். வேதி அமைப்பில் ஓரளவு ஒற்றுமை இருப்பதால் பல தரவுத்தளங்கள் அப்படிச் செய்கின்றன. அதேபோல் பெனிசிலின் பதிவு, அதற்கு நெருங்கிய ஆன்டிபயாட்டிக் வகையான செஃபலோஸ்போரின் எல்லாவற்றையும் நிறுத்துகிறதா என்று பாருங்கள். பெனிசிலின் வகை அமாக்சிசிலினுக்கும் செஃபலோஸ்போரின் வகை செஃபட்ராக்சிலுக்கும் மூலக்கூறின் பக்கச் சங்கிலி ஒன்றுதான், அங்கே எச்சரிக்கை நியாயம். செஃபசோலினின் பக்கச் சங்கிலி எந்த பெனிசிலினிலும் இல்லை. எந்த ஜோடியை அடக்குவது, எதை விட்டுவைப்பது என்பதை மருந்தியல் நிபுணரும் தொற்றுநோய் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். நீங்கள் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

## அறிகுறி 5: எடுத்துவிட்ட அலர்ஜி மறுபடி வருகிறது

முன்பு சொன்ன அந்த அம்மாவிடம் டாக்டர் பிறகு பொறுமையாகக் கேட்டார். காம்பிஃப்ளாம் சம்பவத்துக்கு அப்புறமும் காய்ச்சலுக்கு வெறும் பாராசிட்டமால் 500 மி.கி. பலமுறை போட்டிருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. ஆக பாராசிட்டமால் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. அந்தப் பதிவை அழித்தார்கள். அடுத்த முறை வந்தபோது அது மறுபடி அங்கேயே நின்றது.

முதல் காரணம்: அழித்தது. அழித்தால் ஏன் அழித்தோம் என்பதும் சேர்ந்து போய்விடும். பழைய டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் பார்த்து ஒருவர் நல்லெண்ணத்தோடு மறுபடி சேர்த்துவிடுவார். அழிக்கும் பொத்தானை எடுத்துவிட்டு மூன்று தேர்வு வையுங்கள். விசாரித்ததில் இல்லை என்று தெரிந்தது: `refuted`. வேறு நோயாளியின் பதிவில் தவறாகப் போட்டது: `entered-in-error`. முன்பு இருந்தது, இப்போது இல்லை என்று உறுதியானது: `clinicalStatus` மட்டும் `resolved`. `refuted` போட்டால் காரணம் எழுதாமல் சேமிக்க விடாதீர்கள். அதே மருந்தை யாராவது மறுபடி சேர்க்க வந்தால் அந்தக் காரணத்தை முதலில் காட்டுங்கள்.

இரண்டாம் காரணம்: வெளியிலிருந்து வருவது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் வழியே பதிவுகள் ஃபயர் ஆர்4 வடிவில் வரும். `code` புலத்தை மட்டும் படித்து `verificationStatus`-ஐ விட்டுவிடும் இறக்குமதி நிரல், மறுக்கப்பட்ட அலர்ஜியையும் உயிருள்ளதாகச் சேர்த்துவிடும். தரநிலை அந்தப் புலத்தைப் பதிவின் பொருளையே மாற்றக்கூடியது என்று குறித்திருக்கிறது. படிக்காமல் தாண்ட அனுமதி இல்லை. சோதிக்க, `refuted` என்ற ஒரே ஒரு பதிவுள்ள கோப்பை உள்ளே அனுப்பி, அந்த மருந்தை எழுதிப் பாருங்கள். எச்சரிக்கை வந்தால் நிரல் தவறு. இன்னொன்று, `entered-in-error` என்று போட்ட பதிவில் `clinicalStatus` இருக்கவே கூடாது. இருந்தால் சரிபார்ப்பில் அந்தப் பதிவு தோற்றுவிடும்.

மூன்றாம் காரணம்: காகிதம். திரையில் எல்லாம் சரியாக இருந்தும், அச்சாகும் டிஸ்சார்ஜ் சுருக்கம் பழைய எழுத்துப் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கும். நோயாளி கையில் போவது அந்தக் காகிதம்தான், அடுத்த மருத்துவமனை படிப்பதும் அதைத்தான். அச்சு வார்ப்புருவைத் திறந்து எந்தப் புலத்தை இழுக்கிறது என்று பாருங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: நோயாளி "இப்பல்லாம் ஒன்னும் ஆகறதில்ல" என்று சொன்னதை வைத்து மட்டும் `refuted` போடும் உரிமை யாருக்கும் தராதீர்கள். எந்த மருந்தை, எப்போது, எத்தனை முறை மறுபடி போட்டார் என்று டாக்டர் கேட்டு எழுத வேண்டும். மூச்சு முட்டல், மயக்கம் இருந்த பதிவு என்றால் அலர்ஜி நிபுணரிடம் அனுப்பித்தான் மாற்ற வேண்டும்.

அந்த அம்மாவின் சுருக்கத்தில் இப்போது அச்சாவது இது: "இபுப்ரோஃபென்: அலர்ஜி இருக்கலாம், உறுதி செய்யப்படவில்லை. காம்பிஃப்ளாம் போட்டு அரை மணியில் தடிப்பு, மூச்சு முட்டல். அதே குடும்ப வலி மாத்திரைகள் தவிர்க்கவும். பாராசிட்டமால்: விசாரித்து நீக்கப்பட்டது, பின்னர் பலமுறை போட்டும் பாதிப்பில்லை."